பழைய கீசருக்கு ஸ்மார்ட் பிளக்: 1,200 ரூபாய் எத்தனை மாசத்துல திரும்ப வரும்?

கோயம்புத்தூர்ல அப்பா அம்மா இருக்கற வீட்டு கரண்ட் பில், ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட். ரெண்டு பேருக்கு இது அதிகம். போய்ப் பார்த்தா, 25 லிட்டர் கீசர் நாள் முழுக்க ஆன்ல இருக்கு. அம்மாவுக்கு மூட்டு வலி, சும்மா சும்மா போய் ஆஃப் பண்ண முடியல. "தண்ணி சூடானா அதுவே நின்னுடுமேப்பா"ன்னாங்க.

அது பாதி உண்மை. தெர்மோஸ்டாட் நிறுத்தும். ஆனா டேங்க்ல இருக்கற சூடு மெல்ல மெல்ல வெளியே போகும், கொஞ்சம் ஆறினதும் கீசர் மறுபடி ஓடும். யாரும் குளிக்காத நேரத்துலயும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்மார்ட் பிளக் மிச்சப்படுத்துறது இந்த வீண் சூட்டை மட்டும்தான். குளிக்கற தண்ணியைச் சூடாக்க ஆகற யூனிட் குறையாது.

புது கீசரும் வேணாம், சுவரை உடைக்கவும் வேணாம். பழைய சுவிட்ச் போர்டுக்குள்ள ஸ்மார்ட் மாட்யூல் வைக்கப் போனா, பல வீடுகள்ல அங்க நியூட்ரல் ஒயர் இருக்காது. கீசர் பெரிய மூணு பின் பிளக்ல ஓடுதுன்னா இந்தப் பிரச்சினையே இல்லை. அந்த சாக்கெட்ல ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணும் ஏற்கெனவே இருக்கு. சாக்கெட்டுக்கும் கீசர் பிளக்குக்கும் நடுவுல ஸ்மார்ட் பிளக்கை சொருகினா போதும்.

வாங்கும்போது 16 ஆம்ப்னு போட்டிருக்கணும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், 3000 வாட் 13 ஆம்ப். 10 ஆம்ப் பிளக் மலிவா கிடைக்குதுன்னு வாங்கினா உருகிடலாம். யூனிட் கணக்கு காட்டற மாடலா எடுங்க. நான் வாங்கினது 1,200 ரூபாய்.

முதல் வாரம் டைமர் எதுவும் வைக்காம, வழக்கம்போல ஓடவிட்டு அளந்தேன்: 33 யூனிட். அடுத்த வாரம் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம்னு டைமர் வெச்சேன்: 25 யூனிட். வாரத்துக்கு 8 யூனிட்னா ரெண்டு மாசத்துக்கு சுமார் 68.

இப்போ பில்லுக்கு வருவோம். 540 யூனிட் 472 ஆகுது. 500-க்கு மேல இருந்த 40 யூனிட்டுக்கு ரேட் 8 ரூபாய்க்கு மேல, அதனால 320 ரூபாய். அதுக்குக் கீழ 28 யூனிட், 6 ரூபாய்க்கு மேல, அது 168. இன்னொரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்லை. தமிழ்நாட்டுல 500 யூனிட்டைத் தாண்டினா, 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கற குறைஞ்ச ரேட் போயிடும். 500-க்குள்ள வந்ததால அதுலயும் 200 ரூபாய்க்கு மேல மிச்சம். மொத்தம் ஒரு பில்லுக்கு கிட்டத்தட்ட 700 ரூபாய். போட்ட காசு நாலு மாசத்துக்குள்ள, ரெண்டே பில்லுல திரும்பிடுது.

ஆனா நீங்க குளிச்ச உடனே கையால ஆஃப் பண்ற ஆளா? அப்போ மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். வாங்காதீங்க. பழைய சீலிங் ஃபேனுக்கும் இதே கதைதான். 75 வாட் ஃபேன், ஸ்மார்ட் சுவிட்ச் போட்டாலும் ஓடும்போது 75 வாட்தான். தினமும் ரெண்டு மணி நேரம் மறந்து ஓடினாக்கூட மாசத்துக்கு நாலரை யூனிட். அது வசதிக்கான செலவு, முதலீடு இல்லை.

மாட்டின பிறகு ரெண்டு வேலை பாக்கி. ஒண்ணு, ஆப்ல கரண்ட் போய் வந்தா பிளக் எந்த நிலையில இருக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும். அதை ஆஃப்னு வைங்க. இல்லேன்னா மதியம் கரண்ட் வந்ததும் கீசர் தானா ஆன் ஆகி, சாயங்கால டைமர் ஆஃப் பண்ற வரைக்கும் ஓடலாம்.

ரெண்டு, முதல் நாள் 20 நிமிஷம் ஓடவிட்டு, சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, ஈரமில்லாத கையால பிளக்கைத் தொட்டுப் பாருங்க. லேசான சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் வாடையோ, சாக்கெட் ஓட்டையைச் சுத்தி பழுப்பு நிறமோ இருந்தா உள்ளே பிடிமானம் லூஸ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல்ல சாக்கெட்டை மாத்துங்க. எங்க வீட்ல அதுக்கும் சேர்த்து 350 ரூபாய் ஆச்சு. அதையும் கணக்குல சேர்த்தா, காசு முழுசா திரும்ப மூணாவது பில் வரைக்கும் காத்திருக்கணும்.

ஷவர் தண்ணி தெறிக்கற உயரத்துல சாக்கெட் இருந்தாலோ, கீசர் பிளக் இல்லாம நேரடியா ஒயர்ல இணைச்சிருந்தாலோ, இதை நீங்களே செய்யாதீங்க. குழாய்ல ஆவி அடிக்குதுன்னா தெர்மோஸ்டாட் போயிடுச்சுன்னு அர்த்தம். டைமர் அதுக்கு மாற்று இல்லை, முதல்ல அதை சரி பண்ணுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கடைசி பில்லை எடுத்து உங்க யூனிட்டைப் பாருங்க. 500-ஐ ஒட்டி மேல இருந்தா, இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.