“ரூ.1,999 முதல்”: தீபாவளி பஸ் கேப்ஷனைப் படிச்சு உண்மையான செலவைக் கணக்கு போடுவது எப்படி?

பண்டிகைக்கு ஒரு மாசம் முன்னாடியே நம்ம போன்ல ஆம்னி பஸ் போஸ்டர்கள் வர ஆரம்பிச்சிடும். ரூட், ஏறும் இடம், நேரம், கட்டணம்னு எல்லாமே நாலு வரியில இருக்கும். பார்த்தா எல்லாம் தெளிவா இருக்கிற மாதிரிதான் தோணும். ஆனா ஊருக்குப் போய் இறங்கின பிறகு கணக்கு பார்த்தா, போஸ்டர்ல பார்த்த தொகைக்கும் நாம செலவு பண்ண தொகைக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருக்கும். அந்த ஆயிரம் எங்க போச்சுன்னு இந்தப் பதிவுல வரி வரியா பார்க்கலாம்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அந்த நாட்களை வெச்சு, கணக்குக்கு வசதியா நானே ஒரு மாதிரி கேப்ஷன் எழுதியிருக்கேன். இதுல இருக்கிற தொகைகள் எந்த நிறுவனத்தோடதும் இல்லை.

தீபாவளி ஸ்பெஷல்! சென்னை – நாகர்கோவில் (வழி: திருநெல்வேலி)
ஏசி ஸ்லீப்பர் 2+1 | வெள்ளி 17-10 இரவு
கோயம்பேடு 9.30 | போரூர் டோல் 10.10 | பெருங்களத்தூர் 11.15 | கிளாம்பாக்கம் 11.45 | பரனூர் டோல் 12.30
கட்டணம் ரூ.1,999 முதல்* | வாட்ஸ்அப்பில் புக் செய்யவும்

நீங்க வேளச்சேரியில ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறீங்க, சொந்த ஊர் திருநெல்வேலின்னு வெச்சுக்குவோம்.

முதல்ல “முதல்” என்ற வார்த்தை

2+1 ஸ்லீப்பர்னா ஒரு பக்கம் இரட்டை பெர்த், இன்னொரு பக்கம் ஒற்றை பெர்த். கீழும் மேலும் சேர்த்து ஒரு வண்டியில பெரும்பாலும் 30 அல்லது 36 பெர்த் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே விலை கிடையாது. கீழ் ஒற்றை பெர்த்துக்கு விலை அதிகம், கடைசி வரிசை மேல் பெர்த்துக்குக் குறைவு. போஸ்டர்ல போடுற 1,999 அந்தக் கடைசி வரிசை விலை. அது நாலைஞ்சு பெர்த்துக்கு மேல இருக்காது, முதல்ல தீர்ந்து போறதும் அதுதான். அதனால போஸ்டரைப் பார்த்து பட்ஜெட் போடாதீங்க. சீட் லேஅவுட்டைத் திறந்து, உங்களுக்கு வேணும்ங்கிற பெர்த்துல என்ன விலை எழுதியிருக்குன்னு பாருங்க. நம்ம உதாரணத்துல கீழ் ஒற்றை பெர்த் 2,800 ரூபாய்.

அடுத்து அந்த நட்சத்திரக் குறி. ஏசி பஸ் டிக்கெட்டுக்கு 5% ஜிஎஸ்டி உண்டு. 2,800-க்கு 140 ரூபாய். ஆக 2,940. ஆப்ல புக் பண்ணினா பயணக் காப்பீடு, கேன்சல் பாதுகாப்புன்னு சில விஷயங்கள் ஏற்கனவே டிக் ஆகி இருக்கலாம். அது ஒரு 60 ரூபாய்னு வெச்சா மொத்தம் 3,000. பணம் கட்டும் பக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்த டிக்கை ஒரு தடவை பாருங்க. வேணும்னா வெச்சுக்கோங்க, தெரியாம கட்டாதீங்க.

ஏறும் இடம்: கட்டணம் ஒண்ணுதான், செலவு வேற

ஊருக்குள்ள எந்தப் பாயின்ட்ல ஏறினாலும் ஆம்னி பஸ்ல டிக்கெட் விலை பொதுவா ஒண்ணுதான். அதனால நிறைய பேர் பழக்கத்துல கோயம்பேடுன்னு போட்டுடுவாங்க. 2024 ஜனவரியில இருந்து தென் மாவட்டப் பேருந்துகளுக்கு கிளாம்பாக்கம்தான் முக்கிய நிலையம் ஆகிடுச்சு. வேளச்சேரிக்காரருக்கு கோயம்பேடு எதிர்த்திசை. பண்டிகை மாலையில கேப் எடுத்தா 450 ரூபாய் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. அங்க ஏறி, அதே டிராஃபிக்ல ரெண்டே கால் மணி நேரம் ஊர்ந்து கிளாம்பாக்கம் வருவீங்க. நேரா கிளாம்பாக்கம் போனா மாநகரப் பேருந்துல 50 ரூபாய்ல முடிஞ்சிடும். 9.30 வண்டியைப் பிடிக்க ஆபீஸ்ல பர்மிஷன் கேட்கவும் வேண்டாம்.

இறங்கும் இடத்தையும் இதே மாதிரி பாருங்க. இது நாகர்கோவில் வண்டி. இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் திருநெல்வேலி ஊருக்குள்ள போகாம பைபாஸ்லேயே கே.டி.சி. நகர்ல இறக்கி விட்டுடும். அங்க இருந்து வீட்டுக்கு ஆட்டோ ஒரு 200 ரூபாய். “வழி: திருநெல்வேலி”ன்னு எழுதியிருந்தா, எந்த இடத்துல நிக்கும்னு கேட்காம புக் பண்ணாதீங்க.

இப்போ கணக்கு இப்படி வருது. கோயம்பேடு, கேப், ஆட்டோ, டிக் பண்ணின கூடுதல் எல்லாம் சேர்த்தா 3,000 + 450 + 200 = 3,650 ரூபாய். அதே பெர்த், அதே வண்டி, கூடுதல் டிக்கை எடுத்துட்டு கிளாம்பாக்கத்துல ஏறினா 2,940 + 50 + 200 = 3,190 ரூபாய். ஏறும் இடத்தை மாத்தினதுல மட்டும் 400 ரூபாய் மிச்சம்.

நேரம்: நள்ளிரவு 12-ஐத் தாண்டினா தேதி எது?

பண்டிகை சமயத்துல பணம் முழுசா போறது இந்த ஒரு தப்புலதான். கேப்ஷன்ல “வெள்ளி 17-10 இரவு, பரனூர் 12.30”ன்னு இருக்கு. காலண்டர்படி அந்த நேரம் சனிக்கிழமை, 18-ம் தேதி. ஆனா வண்டி 17-ம் தேதி கிளம்பினது, அதனால சர்வீஸ் தேதி 17. செங்கல்பட்டுல இருக்கிற நண்பர் “18 இரவுதானே”ன்னு சனிக்கிழமை ராத்திரி வந்து நின்னா, வண்டி ஒரு நாள் முன்னாடியே போயிருக்கும். பயணி வரலைன்னு பதிவாகிடும், ஒரு ரூபாய் கூடத் திரும்ப வராது.

இதோட மறுபக்கமும் இருக்கு. கோயம்பேட்டுலயே 12.15-க்குக் கிளம்புற வண்டியை ஆப்ல 18-ம் தேதியில போட்டிருப்பாங்க. வெள்ளி ராத்திரி கிளம்பணும்னு 17-ம் தேதியில தேடினா அந்த வண்டி கண்ணுலயே படாது. விலை குறைவா இருந்தும் நிறைய பேர் அதை விட்டுடுறாங்க. டிக்கெட் வந்ததும் கிழமை, தேதி, உங்க பாயின்ட் நேரம் மூணையும் சேர்த்துப் படிங்க. சந்தேகம் இருந்தா ஆபரேட்டருக்கு போன் போட்டு “வெள்ளி தூங்கப் போறதுக்கு முன்னாடியா, சனி தூங்கப் போறதுக்கு முன்னாடியா?”ன்னு கேளுங்க. குழப்பமே இருக்காது.

கட்டணம் ஏன் இவ்வளவு ஏறுது, எப்போ இறங்கும்?

ஆம்னி பஸ் கட்டணத்தை அரசு பஸ் மாதிரி அரசு நிர்ணயம் செய்யறது இல்லை. உரிமையாளர் சங்கங்கள் பண்டிகைக்கு முன்னாடி அதிகபட்சக் கட்டணப் பட்டியல் வெளியிடுறது வழக்கம். அதையும் தாண்டி வசூலிச்சா போக்குவரத்துத் துறைகிட்ட புகார் பண்ணலாம். கட்டணமில்லா எண் 1800 425 6151. புகாருக்கு டிக்கெட், பணம் கட்டின ரசீது, வண்டி எண் மூணும் கையில இருக்கணும்.

விலை ஏறுறதுக்கு முக்கியக் காரணம் ஒருவழிக் கூட்டம். வெள்ளி ராத்திரி சென்னையில இருந்து நிரம்பி வழியுற வண்டி, திரும்பி வரும்போது பாதி காலியா வரும். அந்தக் காலி ஓட்டத்தோட டீசல், டோல், டிரைவர் சம்பளம் எல்லாம் போற டிக்கெட்டுலதான் ஏறுது. அதனால கூட்டம் கிளம்புற ராத்திரிக்கு ஒரு நாள் முன்னாடி போனாலே விலை நல்லா இறங்கும்.

நம்ம உதாரணத்துல வியாழன் ராத்திரி அதே பெர்த் 1,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஜிஎஸ்டி சேர்த்து 1,575, பஸ்ஸும் ஆட்டோவும் 250, மொத்தம் 1,825. வெள்ளிக்கிழமைக் கணக்கான 3,190-ஐ விட 1,365 ரூபாய் குறைவு. ஆனா வெள்ளிக்கிழமை லீவு போடணும். சம்பளம் 30,000, லீவு பாக்கி இல்லை, 30 நாள் கணக்குல பிடிப்பாங்கன்னா ஒரு நாள் சம்பளம் 1,000 போகும். அப்படியும் 365 ரூபாய் லாபம், வீட்டுல ஒரு நாள் கூடுதல். சம்பளம் 60,000-ன்னா பிடித்தம் 2,000. அப்போ 635 ரூபாய் நஷ்டம், வெள்ளி ராத்திரியே போறது நல்லது. வெள்ளிக்கிழமை வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சா 1,365-ம் அப்படியே உங்க பாக்கெட்ல. திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க.

கேப்ஷன்ல எழுதாத வரி: கேன்சல்

பண்டிகை சர்வீஸுக்குத் தனி கேன்சல் விதி போடுவாங்க. சிலதுல பணமே திரும்பாது. இருக்கிற விதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிடித்தம் பெரும்பாலும் நீங்க கட்டின தொகையில இல்லை, தள்ளுபடிக்கு முந்தைய விலையில கணக்காகும். 2,800 ரூபாய் பெர்த்தை கூப்பன் போட்டு 2,600-க்கு எடுத்தீங்க, 50% பிடித்தம்னு வெச்சுக்கோங்க. 1,300 வரும்னு நினைப்பீங்க. ஆனா 2,800-ல பாதி, அதாவது 1,400 போகும். கைக்கு வர்றது 1,200 (ஜிஎஸ்டி தனி). லீவு இன்னும் அப்ரூவ் ஆகலைன்னா, டிக்கெட் எடுக்கும் முன்னாடியே இந்த விதியைப் படிச்சுடுங்க.

கடைசியா, “வாட்ஸ்அப்பில் புக் செய்யவும்”

பிரபல பஸ் பேர்ல போலி போஸ்டர் போட்டு பணம் வாங்குறவங்களும் இருக்காங்க. யுபிஐ-ல பணம் அனுப்பும்போது திரையில பெறுபவர் பேர் வரும். அங்க நிறுவனம் பேர் இல்லாம ஒரு தனிநபர் பேர் வந்தா நிறுத்திடுங்க. அந்த நிறுவனத்தோட வெப்சைட்ல அதே தேதி, அதே நேர சர்வீஸ் இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா அந்த கேப்ஷனை நம்பாதீங்க. பணம் கட்டினதும் பிஎன்ஆர், சீட் எண், ஏறும் இடம் மூணும் இருக்கிற டிக்கெட் வரணும். “அட்வான்ஸ் போடுங்க, சீட்டை அப்புறம் சொல்றேன்”னா அது டிக்கெட்டே இல்லை.

புக் பண்றதுக்கு முன்னாடி tnstc.in-ல அரசு விரைவுப் பேருந்தையும் ஒரு தடவை பாருங்க. அங்க பண்டிகைக்குன்னு விலை தாவாது. சீட் இருந்தா அதுதான் உங்க ஒப்பீட்டுக்கு அடிப்படை விலை.

இந்த வருஷம் உங்களுக்கு வந்த போஸ்டர்ல எவ்வளவு எழுதியிருந்தது, கடைசியா மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஏறும் இடத்தையும் சேர்த்து எழுதினா, அதே ரூட்ல போற இன்னொருத்தருக்கு உதவும்.