கூட்டத்துக்கு மேலே கொஞ்சம் வானம்

ஜனவரி வந்தால் சென்னை ஐஐடியில் 'சாரங்' களைகட்டும். இதுபோன்ற கல்லூரி விழாக்களின் போஸ்டர்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு: கீழே கைகளை உயர்த்திய மாணவர் கூட்டம், அவர்களுக்கு எதிரே மேடை வெளிச்சம், மேலே வெறும் இருட்டு.

அந்த இருட்டு எழுத்துக்கான இடம். படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு கூட்டம் நின்றுவிட்டால், விழாப் பெயர், தேதி, இடம் மூன்றும் நெருக்கடியின்றி அமரும். மேடை விளக்கு எதிரிலிருந்து வருவதால் முகங்கள் நிழலுருவாகின்றன. கண் நேரே எழுத்துக்குப் போகிறது.

படம் எடுப்பவர் கூட்டத்தின் பின்னால் சற்று உயரத்தில் நின்று, தலைகளுக்கு மேல் தாராளமாக இடம்விட்டு எடுக்க வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் படம் அழகுதான், ஆனால் போஸ்டருக்கு உதவாது. வண்ணக் காகிதத் துகள்கள் பறக்கும் இடத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் புள்ளியும் துகளும் கலந்துவிடும். தமிழுக்கு இது இன்னும் பெரிய சிக்கல்: ஒரு புள்ளி மறைந்தால் 'க்' 'க' ஆகிவிடும்.

ஏ3 தாளில், அதாவது 297 × 420 மில்லிமீட்டரில், அச்சடிக்கும் முன் போஸ்டரைக் கைப்பேசித் திரையில் சிறிதாக்கிப் பார்ப்பது நல்லது. அப்போதும் தேதி படிக்க முடிந்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.