வலயம் பிரிக்கும் கணக்கு

ஒரு மாவட்டத்தின் உதைபந்தாட்ட லீக்கில் அணிகள் பெருகும்போது, பந்துக்கும் காலணிக்கும் ஆகும் செலவைக் காட்டிலும் வண்டி வாடகைச் செலவு மேலோங்கி விடுகிறது. தூரத்து ஊரில் நடக்கும் ஆட்டத்துக்கு வண்டி பிடிக்க இயலாத கழகம் வராதிருந்து விடும். வராத அணி தோற்றதாக எழுதப்படும். இவ்வாறு இரண்டு மூன்று ஆட்டங்கள் மைதானத்தில் அன்றிப் பணப்பெட்டியில் தீர்மானிக்கப்பட்டால், அந்த லீக்கின் வெற்றிப் பட்டியலுக்கு மதிப்பில்லை. இதற்குப் பரிகாரமாகவே அணிகளை வலயங்களாகப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் எந்த ஊரை எந்த வலயத்தில் சேர்ப்பது என்பதைத் தேசப்படத்தைப் பார்த்தோ, பழைய பிரிவுகளின் பெயரைக் கொண்டோ முடிவு செய்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இதற்கு யாழ்ப்பாண மாவட்டமே நல்ல உதாரணம். யாழ்ப்பாண நகரம், சுன்னாகம், சங்கானை, காரைநகர், வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய ஆறு ஊர்களிலும் ஊருக்கு ஒரு கழகம் உண்டென்றும், மும்மூன்று அணிகளாக இரண்டு வலயங்கள் அமைக்க வேண்டுமென்றும் வைத்துக்கொள்ளலாம். முதலில் மனத்தில் எழும் பிரிவு யாவருக்கும் தெரிந்ததே. முன்னர் காரைதீவு என வழங்கிய காரைநகரையும், வேலணையையும், ஊர்காவற்றுறையையும் சேர்த்தால் தீவு வலயம் ஆகும். எஞ்சிய மூன்றும் குடாநாட்டு வலயம் ஆகும். தேசப்படமும் இதற்கே சாட்சி சொல்லும். ஊர்காவற்றுறைத் துறையும் காரைநகர்த் துறையும் ஒடுங்கிய கடலின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன.

ஆனால் அணி போவது தெருவழியே. ஊர்காவற்றுறையிலிருந்து புறப்படும் வண்டி வேலணையைக் கடந்து, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து, பின்னர் வலிகாமத்தின் ஊடாகப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்தே காரைநகரை அடைய முடியும். கணக்கு எளிதாக அமையும் பொருட்டுத் தூரங்களை ஐந்தின் மடங்குகளாகத் திருத்திச் சொன்னால், இப்பயணம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். வேலணையிலிருந்து காரைநகருக்கு 35. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் 5. ஆகவே தீவு வலயத்தின் மூன்று சோடிகளுக்கும் இடையிலான தூரத்தின் கூட்டுத்தொகை 80 கிலோமீற்றர். யாழ்ப்பாணம், சுன்னாகம், சங்கானை என்னும் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பத்துப் பத்துக் கிலோமீற்றராக இருப்பதால் அங்கே கூட்டுத்தொகை 30. இரு வலயங்களுக்கும் சேர்த்து 110.

இனி ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். காரைநகரைத் தீவு வலயத்திலிருந்து எடுத்து மற்றதில் சேர்த்து, அதற்கு ஈடாக யாழ்ப்பாண நகரத்தைத் தீவுகளோடு இணைக்க வேண்டும். நகரத்திலிருந்து வேலணைக்கு 15, ஊர்காவற்றுறைக்கு 20. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 5 கிலோமீற்றரையும் கூட்டினால் 40. மற்ற வலயத்தில் காரைநகரிலிருந்து சங்கானைக்கு 10, சுன்னாகத்துக்கு 20, சங்கானைக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் 10. இதுவும் 40. மொத்தம் 80. ஓர் இடமாற்றத்தினால் 30 கிலோமீற்றர் குறைந்ததோடு இரு வலயங்களின் சுமையும் சமமாகிவிட்டது. ஒவ்வொரு சோடியும் தத்தம் ஊரில் ஒரு முறையாக இரு முறை மோதி, வண்டி போய்த் திரும்பும் தூரத்தையும் எண்ணினால், முதற்பிரிவுக்கு 440 கிலோமீற்றரும் இரண்டாம் பிரிவுக்கு 320 கிலோமீற்றரும் ஆகும்.

இவ்வாறு ஒவ்வோர் ஊராக இடம் மாற்றி, தொகை குறைந்தால் வைத்துக்கொண்டு, கூடினால் பழையபடி விட்டுவிடுவதே வலயம் பிரிக்கும் முறை. எந்த மாற்றமும் தொகையைக் குறைக்காத நிலை வந்ததும் நிறுத்தலாம். ஆறு அணிகளை இரண்டாகப் பிரிக்கப் பத்து வழிகளே உள்ளமையால், நேயர்கள் ஒரு தாளில் பத்தையும் எழுதிச் சரிபார்க்கலாம். பன்னிரண்டு அணிகளை நந்நான்காக மூன்று வலயங்களில் வைக்கவோ 5,775 வழிகள் உண்டு. அங்கே இடமாற்று முறை சில வேளை நடுவழியில் நின்றுவிடும். ஒரு மாற்றமும் பயன் தராதபோதும், முற்றிலும் வேறான ஒரு பிரிவு அதனினும் சிறந்ததாக இருக்கக்கூடும். ஆதலால் வெவ்வேறு தொடக்கப் பிரிவுகளிலிருந்து மூன்று நான்கு முறை செய்து, கிடைத்தவற்றுள் மிகக் குறைந்ததை ஏற்பது நன்று.

வலயம் பிரித்ததால் வந்த இலாபத்தை மிகைப்படுத்திச் சொல்வதும் தவறு. ஆறு அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோதினால் 15 ஆட்டங்கள். வலயங்களுக்குள் மட்டும் ஒரு முறை மோதினால் ஆறே ஆட்டங்கள். ஆட்டம் குறைந்தால் பயணமும் குறைவது இயல்பே. ஆகவே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கிலோமீற்றர் என்பதையே ஒப்பிட வேண்டும். மேலே கொண்ட தூரங்களின்படி, பிரிக்காத லீக்கில் அது ஒருவழியில் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். தீவு வலயப் பிரிவில் 18. இடமாற்றிய பிரிவில் 13. பழைய பெயரைப் பின்பற்றிய பிரிவினால் கிடைத்த உண்மையான இலாபம் மிகச் சிறிது என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே 'பாதை' என ஊரவர் சொல்லும் மிதவை உண்டே என்பர். அது நியாயமான தடையே. மிதவை வழியாகச் சென்றால் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு 5 கிலோமீற்றர் என்றும், வேலணையிலிருந்து 10 என்றும் கொள்ளலாம். அப்போது தீவு வலயத்தின் தொகை 20 ஆகக் குறைந்து, இரு வலயங்களுக்கும் சேர்த்து 50 ஆகிவிடும். இது 80ஐ விட மிகக் குறைவு. ஆனால் மிதவை பழுதுபட்ட நாளில், அல்லது மாலை ஆட்டம் முடிந்து திரும்பும் நேரத்தில் சேவை நின்றுவிட்டால், அதே பிரிவு 110க்குத் திரும்பிவிடும். 50க்கும் 110க்கும் சரி நடுவே 80 நிற்கிறது. எனவே ஆட்ட நாட்களில் பாதிக்கு மேல் மிதவை தவறாமல் ஓடினால் தீவு வலயம் தூரத்தில் இலாபம் தரும். பாதிக்குக் குறைந்தால் நட்டம்.

ஆயினும் தூரக் கணக்கு மட்டும் இதைத் தீர்த்துவிடாது. மிதவை இல்லாதபோது தீவு வலயத்தின் 80 கிலோமீற்றரில் 75 காரைநகர் ஆடும் இரண்டு ஆட்டங்களுக்கே உரியது. துறையில் வந்து நின்று மிதவை இல்லை என்று அறியும் அணிக்கு, தெருவழியே சுற்றி வர நேரமும் இராது. கையில் வாடகைப் பணமும் இராது. அது வராத அணியாகவே எழுதப்படும். எந்தத் தீமையை நீக்க வலயம் வகுத்தார்களோ அத்தீமையே மீண்டும் வந்து சேரும். ஆகையால் சற்று நீண்டதாயினும் எந்த நாளிலும் மாறாத தூரத்தையுடைய பிரிவே லீக்குக்கு ஏற்றது. மிதவையின் உதவியை நாடுவோர், அவ்வாட்டங்களைக் காலை வேளையில் வைத்து, மிதவை நின்றால் ஆட்டம் வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்படும் என்று விதியிலும் எழுதிவைக்க வேண்டும்.

வலயத்தால் வரும் ஒரு குறையும் உண்டு. பலம் மிக்க இரு அணிகள் ஒரே வலயத்தில் அகப்பட்டால், வலயத்துக்கு ஓர் அணி மட்டும் முன்னேறும் முறை அவற்றுள் ஒன்றை அநியாயமாக வெளியேற்றும். வலயத்துக்கு இரண்டு அணிகளை எடுத்து, ஒரு வலயத்தின் முதலணியை மற்றதன் இரண்டாம் அணியோடு மோதவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும். அதனால் கூடும் நீண்ட பயணங்கள் இரண்டு அரையிறுதி ஆட்டங்களுக்கு உரியவை மட்டுமே. தூரத்தை ஊர்ப் பெயரால் அன்றி வண்டியின் தூரமானியால் அளந்து, ஆண்டுதோறும் தெருவும் துறையும் மாறியுள்ளனவா என்று பார்த்துக் கணக்கைப் புதுப்பிப்பது லீக் செயலாளரின் கடமை.