இருப்பாய்வு ஒத்துப்போனால் கணக்கு சரியா?

இருப்பாய்வில் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துவிட்டால் கணக்கு சரி என்று கணக்கியல் மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. இருப்பாய்வு பார்ப்பது கூட்டல் கழித்தலை மட்டுமே. ஒவ்வொரு தொகையும் உரிய தலைப்பில் விழுந்ததா என்பது அதற்கு முன்பே, குறிப்பேட்டில் முடிவாகிவிடுகிறது. ஒரு சிறிய கடையின் ஒரு மாதக் கணக்கை முழுதாக எழுதிப் பார்த்தால் இது விளங்கும்.

ஒருவர் ஜூன் 1 அன்று 1,00,000 ரூபாய் ரொக்கம் போட்டு எழுதுபொருள் கடை தொடங்குகிறார். 3ஆம் தேதி 20,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து அலமாரிகள் வாங்குகிறார். 5ஆம் தேதி மொத்த வியாபாரியிடம் 40,000 ரூபாய்க்குச் சரக்கு கடனாக வருகிறது. 12ஆம் தேதி வரை ரொக்க விற்பனை 27,000 ரூபாய். 15ஆம் தேதி ஒரு பள்ளிக்கு 15,000 ரூபாய்க்கு நோட்டுகள் கடனாகப் போகின்றன. 20ஆம் தேதி மொத்த வியாபாரிக்கு 25,000 ரூபாய் கொடுக்கிறார். 30ஆம் தேதி கடை வாடகை 8,000 ரூபாய் கட்டுகிறார். வீட்டுச் செலவுக்கு 5,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். சரக்கு சேவை வரியை இங்கே சேர்க்கவில்லை.

நடந்தவற்றைத் தேதி வரிசையில் எழுதும் இடம் குறிப்பேடு. ஒவ்வொரு நடவடிக்கையும் குறைந்தது இரண்டு கணக்குகளைத் தொடும். ஒன்றில் பற்று எழுதினால் அதே தொகைக்கு இன்னொன்றில் வரவு எழுத வேண்டும். எதைப் பற்று வைப்பது? சொத்து கூடினாலும் செலவு ஏற்பட்டாலும் பற்று. கடன் பொறுப்போ முதலோ கூடினாலும் வருமானம் வந்தாலும் வரவு. குறைந்தால் இதற்கு நேர்மாறு. கடைக்குள் பணம் வருவதைப் பேச்சில் ‘வரவு’ என்கிறோம். அதனால் ரொக்கக் கணக்கிலும் வரவு வைத்துவிடுகிற மாணவர்கள் உண்டு. ரொக்கம் ஒரு சொத்து. அது கூடும்போது பற்றுதான்.

முதல் நாள் பதிவு இப்படி வரும்:

ரொக்கக் கணக்கு – பற்று 1,00,000
முதல் கணக்கு – வரவு 1,00,000
(ரொக்கம் கொண்டு தொழில் தொடங்கியது)

கடைசி வரிதான் விளக்கக் குறிப்பு. ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது இந்த எண் எதற்காக என்று சொல்வது அதுதான். அதை விட்டுவிடக் கூடாது. முதலாளி போட்ட பணத்தை ஏன் வரவு வைக்கிறோம் என்ற கேள்வி இங்கே எழும். கணக்கில் கடை வேறு, முதலாளி வேறு. அந்த ஒரு லட்சத்துக்குக் கடை அவருக்குப் பொறுப்பாகிறது. அவர் வீட்டுக்கு எடுத்த 5,000 ரூபாய் கடையின் செலவாகாமல் ‘எடுப்புகள்’ என்ற தனித் தலைப்பில் போவதும் இதே காரணத்தால்தான்.

குறிப்பேட்டைப் பார்த்தால் என்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும். கையில் ரொக்கம் எவ்வளவு, மொத்த வியாபாரிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியாது. அதற்காகத்தான் பேரேடு. ஒவ்வொரு தலைப்புக்கும் அதில் ஒரு பக்கம். இடப்புறம் பற்று, வலப்புறம் வரவு. குறிப்பேட்டுப் பதிவை இங்கே எடுத்தெழுதும்போது எதிர்க்கணக்கின் பெயரை எழுத வேண்டும். அலமாரி வாங்கிய பதிவு அறைகலன் கணக்கின் பற்றுப் பக்கத்தில் ‘ரொக்கக் கணக்கு 20,000’ என்றும், ரொக்கக் கணக்கின் வரவுப் பக்கத்தில் ‘அறைகலன் கணக்கு 20,000’ என்றும் ஏறும்.

மாதக் கடைசியில் ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கம் 1,27,000. வரவுப் பக்கத்தில் 20,000, 25,000, 8,000, 5,000 சேர்ந்து 58,000. மிச்சம் 69,000 ரூபாய் பற்றிருப்பு. கல்லாவில் எண்ணிப் பார்த்தாலும் இதே தொகை இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு தலைப்புக்கும் இருப்புக் கட்டி, அந்த இருப்புகளை ஒரே பட்டியலில் வைப்பதே இருப்பாய்வு.

| கணக்கின் தலைப்பு | பற்று | வரவு |
|---|---|---|
| ரொக்கம் | 69,000 | |
| அறைகலன் | 20,000 | |
| கொள்முதல் | 40,000 | |
| பள்ளி (கடனாளி) | 15,000 | |
| வாடகை | 8,000 | |
| எடுப்புகள் | 5,000 | |
| முதல் | | 1,00,000 |
| விற்பனை | | 42,000 |
| மொத்த வியாபாரி (கடனீந்தவர்) | | 15,000 |
| மொத்தம் | 1,57,000 | 1,57,000 |

ஒத்துப்போகாவிட்டால் முதலில் கூட்டலை மறுபடி போட வேண்டும். பிறகு, வித்தியாசத் தொகைக்குச் சமமான இருப்பு ஏதாவது பட்டியலில் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வாடகை 8,000 ரூபாயைத் தவறி வரவுப் பக்கத்தில் எழுதியிருந்தால் பற்று 1,49,000 ஆகக் குறையும், வரவு 1,65,000 ஆகக் கூடும். வித்தியாசம் 16,000, அதில் பாதி 8,000. அந்தத் தொகை பக்கம் மாறி உட்கார்ந்திருப்பது உடனே தெரியும்.

இன்னொரு வழி வித்தியாசத்தை 9ஆல் வகுப்பது. ரொக்க விற்பனை 27,000 ரூபாயை விற்பனைக் கணக்கில் மட்டும் 72,000 என்று ஏற்றிவிட்டால் 45,000 வித்தியாசம் வரும். அது 9ஆல் மீதியின்றி வகுபடும். இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். ஆனால் இது குறிப்பு மட்டுமே. வேறு காரணத்தாலும் அப்படி வரலாம். உடனே பிழை பிடிபடாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைப்பார்கள். பிழை கிடைத்ததும் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும்.

இவை கண்ணில் படும் பிழைகள். இருப்பாய்வு காட்டாத பிழை இன்னும் கெட்டது. அலமாரிக்குக் கொடுத்த 20,000 ரூபாயை அறைகலனில் வைக்காமல் கொள்முதலில் பற்று வைத்துவிட்டதாகக் கொள்வோம். அறைகலன் தலைப்பே இருக்காது. கொள்முதல் 60,000 ஆகும். இருப்பாய்வு அப்போதும் 1,57,000க்கு அழகாக ஒத்துப்போகும். ஆனால் பல ஆண்டுகள் உழைக்கப்போகும் அலமாரி விற்கும் சரக்காகக் கணக்கில் ஏறிவிட்டது. லாபம் 20,000 ரூபாய் குறைந்து தெரியும், சொத்தும் அதே அளவு குறையும். இதை விதிப்பிழை என்கிறோம். ஒரு நடவடிக்கையை எழுதாமலே விட்டாலும், இரு பக்கமும் ஒரே தவறான தொகையை எழுதினாலும் இருப்பாய்வு இப்படியே பேசாமல் இருக்கும்.

டேலி போன்ற மென்பொருளில் எழுதுவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவை டேலி சேமிக்க விடாது; ஆகவே கூட்டல் பிழைக்கு அங்கே இடமில்லை. ஆனால் புதிய தலைப்பைத் திறக்கும்போது `Under` என்ற இடத்தில் அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அலமாரியை `Fixed Assets` என்பதற்குப் பதிலாக `Purchase Accounts` தொகுதியில் வைத்தால் மென்பொருள் தடுக்காது.

இந்தப் பிழை தெரியவந்தால் பழைய பதிவை அழிக்கக் கூடாது; திருத்தப் பதிவு எழுத வேண்டும். அறைகலன் கணக்கில் 20,000 பற்று, கொள்முதல் கணக்கில் 20,000 வரவு, கீழே காரணம். ஆகவே மாணவர்களே, கூட்டுத்தொகை ஒத்ததும் ஏட்டை மூடிவிடாதீர்கள். ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள தொகை எதற்காகக் கொடுத்தது, யாரிடமிருந்து வந்தது என்று ஒருமுறை சரிபாருங்கள். அதை முடித்த பிறகே அந்த இருப்பாய்வை நம்பி லாப நட்டக் கணக்கைத் தயாரிக்கலாம்.