உப்பளத்திலிருந்து எட்டு உடைகள்

நியூயார்க் வடிவமைப்பாளர் டோனா கேரன் 1985-இல் தன் பெயரில் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதற்கு ‘ஏழு எளிய உடைகள்’ என்று பெயரிட்டார். வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி அந்தச் சில உடைகளையே மாற்றி மாற்றிச் சேர்த்து வாரம் முழுக்க அணியலாம் என்பது அவர் எண்ணம். இப்படிக் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிறு தொகுப்பைத்தான் இன்று கேப்சூல் கலெக்ஷன் என்கிறார்கள். உடைகள் குறைவு என்பதால் ஒன்று பொருந்தாமல் போனாலும் உடனே கண்ணில் படும். அதனால்தான் துணியை வெட்டுவதற்கு முன்பே மூட் போர்டு தயாராகிறது. படங்கள், துணித்துண்டுகள், நிறங்கள் ஆகியவற்றை ஒரே அட்டையில் ஒட்டி, அவற்றை இணைக்கும் சரடை நாலைந்து வரிகளில் எழுதி வைப்பார்கள். படம் ஒட்டுவது எளிது, அந்த வரிகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தூத்துக்குடி உப்பளங்களை வைத்து எட்டு உடைகள் செய்வதாக எடுத்துக்கொள்வோம். முதலில் நாற்பது ஐம்பது படங்கள் சேரும். மேலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் பாத்திகள், உப்புக் குவியல்கள், உப்பு வாரும் நீளக் கைப்பிடிப் பலகை, நீர் வற்ற வற்ற நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறும் பாத்தி நீர், சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டி வேலை செய்யும் பெண்கள். நடுவே சூரியன் மறையும் காட்சியும் ஒன்றிரண்டு வந்துவிடும்.

எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் அதிலிருந்து உடைக்கு என்ன எடுக்கப் போகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘நிறம்’, ‘அழகு’ என்று மட்டும் எழுத முடிகிற படம் பெரும்பாலும் நிற்காது. சூரியன் மறையும் படம் அங்கேயே விழுந்துவிடும், ஏனென்றால் அது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். உப்புக் குவியல் படம் நான்கு இருந்தால் நான்கும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன, ஒன்று போதும். இப்படிக் கழித்தால் பத்துப் பன்னிரண்டு படங்கள் மிஞ்சும்.

இப்போது சரடு. “உப்பளத்தின் எளிமையும் வெண்மையும் கலந்த தொகுப்பு” என்று முதலில் எழுதத் தோன்றும். இதை வாசிக்கும் கட்டிங் மாஸ்டருக்கு எங்கே தளர்த்த வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. உப்பளம் என்பது இடம். மிஞ்சிய படங்களில் திரும்பத் திரும்ப என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சரடு பிடிபடும். சேலைமேல் சட்டை, தலைமேல் துண்டு, மண்மேல் நீர், நீர்மேல் உப்புப் படலம். எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று படிவது. உடலில் அது வெயிலைத் தடுக்கிறது, பாத்தியில் வெயிலால் விளைகிறது. ஆகவே இப்படி எழுதலாம்: “வெயிலுக்காக ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் உடைகள். மேலே போவது எப்போதும் இன்னொருவரிடம் இரவல் வாங்கியதுபோலச் சற்றுப் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது விளிம்பில் மட்டும் தெரியும். நிறம் வெயிலில் வெளுத்தது. இளஞ்சிவப்பு ஒரே ஓர் அடுக்கில் வரும்.”

இந்த வரிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மூன்று மேலுடை, இரண்டு கீழுடை, எல்லாவற்றின் மேலும் போடும் ஒரு பெரிய சட்டை, ஒரு நீள அங்கி, ஒரு தலைத்துண்டு என எட்டு. மேலுடையும் கீழுடையும் சேர்ந்து ஆறு விதம், பெரிய சட்டையோடு பன்னிரண்டு விதம். அந்தச் சட்டையின் கைக்குழி மற்றவற்றைவிடத் தாராளமாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கை சுருண்டு அக்குளில் இறுக்கும். துணி மெல்லிய கைத்தறிப் பருத்தி, ஏனென்றால் இரண்டு அடுக்கு கனமானால் நம் வெயிலில் யாரும் அணிய மாட்டார்கள். உப்பு மின்னுவதைப் பார்த்து ஜரிகையோ சமிக்கியோ சேர்க்க ஆசை வரும். ‘வெளுத்தது’ என்ற சொல் அதை மறுத்துவிடுகிறது. எதையும் மறுக்காத வரிகளை எழுதியிருந்தால், சரடு இன்னும் கிடைக்கவில்லை என்று திரும்பப் போய்ப் படங்களைப் பார்க்க வேண்டும்.

அட்டையில் ஒட்டும்போது அளவும் பேசும். பெரிதாக இருக்கும் படத்தின் நிறமே தொகுப்பின் முக்கிய நிறம் என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். இளஞ்சிவப்புப் பாத்தி எவ்வளவு கண்ணைப் பறித்தாலும் அதற்குச் சிறிய இடமே. திரையில் தெரியும் நிறத்தை நம்பிச் சாயப்பட்டறைக்குச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். சாயமிட்ட பருத்தித் துண்டையே குத்தி வைத்து, பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் பார்த்துவிட வேண்டும். வேறு வடிவமைப்பாளர்களின் உடைப் படங்களை ஒட்டாதிருப்பது நல்லது, இருந்தால் கை தானாக அந்த வெட்டையே வரைந்துவிடும். வேலை செய்யும் பெண்களின் படத்தை அறைக்கு வெளியே காட்டுவதாக இருந்தால் அவர்களிடம் கேட்டுத்தான் காட்ட வேண்டும். இந்தத் தொகுப்பின் மையமான யோசனையே அவர்களுடையது.

மாதிரி தைக்கும்போது பெரிய சட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் கை நீளமும் விளிம்பும் முடிவான பிறகே, உள்ளே வரும் மூன்று மேலுடைகள் எவ்வளவு வெளியே தெரியலாம் என்று அளக்க முடியும்.