மாவு பொங்கவே இல்லையா, பொங்கி அமுங்கிவிட்டதா?

காலையில் மூடியைத் திறந்தால் தோசை மாவு ராத்திரி ஊற்றி வைத்த உயரத்திலேயே கிடக்கிறது. "மாவு பொங்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு ஒருவர் பாத்திரத்தை வெயிலில் கொண்டுபோய் வைப்பார், இன்னொருவர் சோடா டப்பாவைத் தேடுவார். அதற்கு முன் பாத்திரத்தின் உள்பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். மாவின் மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் காய்ந்த வளையமாக ஒரு தடம் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் மாவு நடுராத்திரியில் அதுவரை ஏறி, நாம் எழுவதற்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தடமே இல்லையென்றால் அது ஏறவே இல்லை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் மாவை வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும், இரண்டாவது மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் அப்படியே கிடக்கும்.

புளிப்பதும் பொங்குவதும் ஒரே காரியம் என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டி வருகின்றன. அவற்றில் முதலில் பெருகுவது லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கொஞ்சம் அமிலத்தையும் கூடவே கரியமில வாயுவையும் விடுகிறது. அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. மாவு ஓரளவு புளித்தபின், புளிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் கை ஓங்குகின்றன. அவை அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். தூக்குகிற வேலை அவற்றிடம் அவ்வளவாக இல்லை. ஆகவே எந்த மாவுக்கும் நன்றாகப் பொங்கி, புளிப்பு இன்னும் அளவோடு இருக்கிற ஒரு நேரம் உண்டு. 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் எட்டு, பத்து மணி நேரத்தில் அந்த நேரம் வருகிறது. சாயங்காலம் அரைத்தால் காலையில் தோசை என்ற வீட்டுக் கணக்கு இந்த வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. மே மாதச் சென்னைக்கும் ஜனவரி மாத ஊட்டிக்கும் அது பொருந்தாது.

முதலில் சென்னையை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டின் சமையலறை இரவு ஒன்பது மணிக்கும் கதகதவென்றுதான் இருக்கும். அங்கே ஏழரைக்கு மிக்ஸியில் மாவு அரைத்து எடுக்கிறார்கள். ஜாரின் அடியைத் தொட்டால் சூடு தெரிகிறது, அதாவது மாவும் சூடாகவே பாத்திரத்துக்குள் போகிறது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் பாதிக்கு மேல் பொங்கிவிடும். ஒன்றரை, இரண்டு மணிக்கு அதன் உச்சம். காலை ஆறு மணிக்குத் திறக்கும்போது சுவரில் வளையம், நடுவில் குழி, மூக்கைத் துளைக்கிற புளித்த வாடை. இந்த வீட்டுக்காரர்கள் பொங்கவில்லை என்று அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக அரைத்து வைப்பார்கள். அப்போது இன்னும் அதிகமாகப் புளிக்கும்.

இங்கே மாற்ற வேண்டியது மாவின் சூட்டையும் நேரத்தையும். நாலு தம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து என்று வைத்துக்கொண்டால், உளுந்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கலாம். கிரைண்டரானால் சூடு குறைவு. மிக்ஸிதான் என்றால் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். அரைத்து முடிக்கும் நேரத்தை இரவு பத்து மணிக்குத் தள்ளினால் போதும், மாவின் உச்சமும் விடியற்காலைக்குத் தள்ளிப்போகும். உப்பை அரைத்த உடனே போட்டுக் கரைத்துவிடுங்கள், உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். கல்லுப்பா தூளுப்பா என்பதைப் பற்றி வீட்டுக்கு வீடு கட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால் அளவு சரியாக இருந்தால் போதும்.

இதைவிடவும் உதவுகிற ஒரு வழக்கம், அரைத்த மாவை இரண்டாகப் பிரித்துவிடுவது. ஒரு பாதியை வெளியே வையுங்கள். மற்றப் பாதியைப் புளிக்க விடாமல் நேரே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அதை எடுத்து வெளியே வைத்தால், குளிர் விட்டதும் புதிதாகப் பொங்க ஆரம்பிக்கும். சில்லிட்ட மாவு என்பதால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரே பெரிய குண்டானில் வாரத்துக்கான மாவைப் பொங்கவைத்து அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றுகிறவர்கள், "ஃப்ரிட்ஜில் வைத்தும் புளித்துவிட்டது" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்கலாம். குண்டானின் வெளிப்பக்கம் சில்லென்று ஆனாலும் நடுவில் இருக்கிற மாவு பல மணி நேரம் கதகதப்பாகவே இருக்கிறது. அதுவரை உள்ளே புளிப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். சின்னச் சின்னத் தூக்குகளில் பிரித்து, மாவு உச்சத்துக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்கெனவே புளித்துவிட்ட மாவை என்ன செய்வது? இலேசாகப் புளித்திருந்தால், பிரித்து வைத்த புளிக்காத மாவில் பாதிக்குப் பாதி கலந்துகொள்வதே நல்ல வழி. கலந்ததை மறுபடி புளிக்க வைக்கக் கூடாது, அன்றைக்கே வார்த்துவிட வேண்டும். புளிக்காத மாவு கையில் இல்லையென்றால் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். புளிப்பு அதிகமென்றால், பாத்திரத்தை அசைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரோடு கொஞ்சம் அமிலமும் போய்விடும் என்பதால், அதை மெதுவாக வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம். ருசியும் கொஞ்சம் போகும், அதற்கு வழியில்லை.

சோடா விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். புளித்த மாவில் வார்க்கிற தோசை கல்லில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் வெளுத்தே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் கூடினால் தோசை சிவப்பது தாமதமாகிறது, சிவப்பதற்கு வேண்டிய சர்க்கரையையும் பாக்டீரியா தின்று தீர்த்திருக்கிறது. சோடா அமிலத்தை முறிக்கிறது, ஆகவே தோசை சட்டென்று சிவக்கிறது. ஒரு சிட்டிகை கூடிப்போனாலும் வேகுமுன் கருகும், நாக்கில் சோப்பு போல ஒரு ருசி தங்கும். அப்போது வார்க்கப்போகிற நாலைந்து கரண்டி மாவில் மட்டும் விரல் நுனியில் எடுத்த அளவு போட்டுக் கலக்கலாம். முழுப் பாத்திரத்திலும் கொட்டினால் மறுநாளைக்கு அந்த மாவு ஒன்றுக்கும் ஆகாது. நிறம்தான் வேண்டுமென்றால் அரைத் தேக்கரண்டி சர்க்கரையே போதும். ரொம்பவும் புளித்துப்போன மாவை மெல்லிய தோசையாக்கப் பாடுபடுவதைவிட, கொஞ்சம் ரவை சேர்த்து வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாகவோ ஊத்தப்பமாகவோ ஆக்கிவிடலாம். அங்கே புளிப்பு தொந்தரவாகத் தெரியாது.

இனி சுவரில் தடம் இல்லாத மாவு. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். பச்சை உளுந்தின் ருசியே அடித்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. குன்னூர், ஊட்டிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் இதுதான் வழக்கம். ஒன்றும் கெட்டுவிடவில்லை, வெப்பம் போதவில்லை. இட்லிக் குண்டானில் அரைவாசிக்குக் கீழே வெந்நீர் ஊற்றி, உள்ளே தட்டோ பிரிமணையோ வைத்து, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடுங்கள். கையை முக்கினால் தாங்குகிற சூடுதான் தண்ணீருக்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அடி மாவு வெந்து பசையாக ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவும் செத்துவிடும். சூடு ஆறிப்போகும்போது தண்ணீரை மாற்றினால் ஐந்தாறு மணி நேரத்தில் அசைவு தெரியும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் அவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கிறார்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்த தடவைக்கு, குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உப்பைப் பொங்கியபின் போடலாம். முந்தின மாவில் ஒன்றிரண்டு கரண்டி உறை மாதிரி சேர்க்கலாம், ஆனால் அது நன்றாகப் பொங்கி நின்ற நல்ல மாவாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்து புளித்ததைச் சேர்த்தால், அமிலம் மட்டும் தருகிற கூட்டத்தையே அதிகமாகக் கொண்டுவந்து விடுவீர்கள்.

கையால் கரைத்தால்தான் பொங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குளிர் நாளில் கையின் சூடு கொஞ்சம் உதவலாம், மாவும் சீராகக் கலக்கும். ஆனால் கைராசி இல்லாதவர் கரண்டியால் கரைத்தாலும் பொங்கத்தான் செய்யும்.

தடமும் இல்லை, ஆனால் நாக்கில் வைத்தால் புளிப்பு நன்றாகத் தெரிகிறது என்றால் கதை வேறு. வாயு உண்டாகியிருக்கிறது, மாவால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை. பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. பழைய உளுந்தானால் அரைத்தாலும் காணாது. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டி அரைத்திருந்தாலும், மொத்த மாவையும் நீர்க்கக் கரைத்திருந்தாலும் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். அரைக்கும்போதே இதைச் சோதித்துக்கொள்ளலாம். உளுந்து மாவில் சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் போதுமான காற்று ஏறியிருக்கிறது. மூழ்கினால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இன்னும் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை உளுந்தோடு ஊறவைத்தால் அதன் கொழகொழப்பும் கை கொடுக்கும்.

நீர்த்துக் கிடக்கிற மாவைச் சரிசெய்ய, கால் தம்ளர் உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பந்து பந்தாக அரைத்துக் கலந்து, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் தோசைக்குத்தான் என்றால் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. இட்லிக்குத்தான் பொங்கின மாவு கட்டாயம். மெல்லிசாக இழுக்கிற முறுகல் தோசையில் எப்படியும் கரண்டியால் தேய்க்கும்போதே பாதிக் காற்று போய்விடுகிறது. புளிப்பு சரியாக இருந்தால் தட்டையான மாவிலும் அது நன்றாக வரும்.

மேலாக மாவு சாம்பல் நிறமாக மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டதால் ஆவது. இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்புப் புள்ளிகளோ பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால், அல்லது புளிப்பைத் தாண்டி அழுகின நாற்றம் வந்தால், மேலே உள்ளதை மட்டும் வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்ற முயலாமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தையும் கரண்டியையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த மாவை அதில் ஊற்ற வேண்டும்.