சம்பளக் கவரும் சில்லறைக் கணக்கும்

சம்பளம் பேங்கில் ஏறுவது எவ்வளவோ பரவலாகிவிட்டாலும், சனிக்கிழமை சாயங்காலம் கையில் கூலி எண்ணிக் கொடுக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. பேங்கிலிருந்து எடுத்து வந்த பணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் மூன்றாவது கவர் போடும்போதே பத்து ரூபாய் நோட்டு தீர்ந்துவிடும். மேசைமேல் ஐநூறு ரூபாய் நோட்டுகள் மட்டும் மிஞ்சும். அப்புறம் பக்கத்து மளிகைக் கடைக்கு ஆள் ஓட வேண்டும்.

இதற்குத் தேவையான கணக்கு நாலாம் வகுப்பு வகுத்தல்தான். ஒரு தொகையை 500-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஈவு, எத்தனை ஐநூறு ரூபாய் நோட்டு என்பதைச் சொல்லும். மீதியை 200-ஆல் வகுக்க வேண்டும். அதில் வரும் மீதியை 100-ஆல், பிறகு 50, 20, 10 என்று இறங்கி, கடைசியில் 5, 2, 1 ரூபாய் நாணயம்வரை போக வேண்டும்.

ஒரு வெல்டரின் வாரக் கூலி 4,786 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 286. அதில் இருநூறு ஒன்று போனால் மீதி 86. நூறு இதில் போகாது, ஈவு 0. ஐம்பது ஒன்று, மீதி 36. இருபது ஒன்று, மீதி 16. பத்து ஒன்று, மீதி 6. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, மீதி 1. இரண்டு ரூபாய்க்கு 0, ஒரு ரூபாய் ஒன்று. மீதி பூஜ்யமானதும் வேலை முடிந்தது. இந்தத் தொகையை இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் நோட்டும் நாணயமுமாகக் கொடுக்க முடியாது.

ஒருவருக்கு இது சரி. பலருக்கு என்று வரும்போதுதான் சறுக்கல். எல்லார் கூலியையும் கூட்டி, அந்த மொத்தத்தை மட்டும் வகுத்து பேங்குக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க அதுதான் சுலபம். ஆனால் அது தப்பு.

அதே பட்டறையில் நான்கு பேர். வெல்டருக்கு 4,786, ஃபிட்டருக்கு 3,965, லேத் ஆபரேட்டருக்கு 5,340, ஹெல்பருக்கு 2,890. மொத்தம் 16,981 ரூபாய். ஒவ்வொருவர் கூலியையும் தனித்தனியாக வகுத்து எழுதினால் பட்டியல் இப்படி வரும்:

| | 500 | 200 | 100 | 50 | 20 | 10 | 5 | 2 | 1 |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| வெல்டர் | 9 | 1 | 0 | 1 | 1 | 1 | 1 | 0 | 1 |
| ஃபிட்டர் | 7 | 2 | 0 | 1 | 0 | 1 | 1 | 0 | 0 |
| லேத் ஆபரேட்டர் | 10 | 1 | 1 | 0 | 2 | 0 | 0 | 0 | 0 |
| ஹெல்பர் | 5 | 1 | 1 | 1 | 2 | 0 | 0 | 0 | 0 |
| கூட்டினால் | 31 | 5 | 2 | 3 | 5 | 2 | 2 | 0 | 1 |
| மொத்தத்தை வகுத்தால் | 33 | 2 | 0 | 1 | 1 | 1 | 0 | 0 | 1 |

கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே 16,981 ரூபாய்தான். ஆனால் மொத்தத்தை வகுத்தவர் 33 ஐநூறு கொண்டுவருவார். அதில் இரண்டு யாருக்கும் போகாது. இருபது ரூபாய் ஐந்து வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். நான்கு பேரின் சில்லறை மீதிகள் ஒன்றாகக் கூடும்போது அவை பெரிய நோட்டாக மாறிவிடுகின்றன. வெல்டரின் 286 ரூபாயும் ஹெல்பரின் 390 ரூபாயும் சேர்ந்தால் அதற்குள் ஓர் ஐநூறு இருக்கிறது. ஆனால் அந்த ஐநூறை இருவருக்கும் கிழித்தா கொடுக்க முடியும்? அதனால் முதலில் வகுத்துவிட்டுப் பிறகு கூட்ட வேண்டும். கூட்டிவிட்டு வகுத்தால் ஆகாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நோட்டுகளின் மதிப்பைக் கூட்டி, சம்பளப் பட்டியலின் மொத்தத்தோடு டாலி ஆகிவிட்டால் நிம்மதியாகிவிடுகிறோம். தப்பான வரியும் டாலி ஆகிறதே! எனவே சரிபார்க்க வேறு வழி வேண்டும். 500-ஆல் வகுத்த பிறகு மீதி எப்போதும் 500-க்குள்தான் இருக்கும். ஆகவே யார் வரியிலும் இருநூறு இரண்டுக்கு மேல் வராது. இருநூறு இரண்டு வந்துவிட்டால் மீதி 100-க்குள் போய்விடுவதால் நூறு வரவே கூடாது. இருபது இரண்டு வந்தால் பத்து வரக்கூடாது என்பதும் அப்படித்தான். நூறு, ஐம்பது, பத்து, ஐந்து எல்லாம் ஒன்றுக்கு மேல் வராது. பட்டியலை மேலிருந்து கீழே ஒரு நோட்டம் விட்டாலே கை தவறிய இடம் தெரிந்துவிடும். இருநூறு ரூபாய் நோட்டு 2017 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன் இதே பட்டியலில் நூறு ரூபாய் ஓர் ஆளுக்கு நான்குவரை வந்துகொண்டிருந்தது.

எக்செலில் போடுகிறவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கூலி B2 கட்டத்தில் இருந்தால், ஐநூறுக்கும் இருநூறுக்கும் நூறுக்கும் இப்படி எழுத வேண்டும்:

```
=QUOTIENT(B2,500)
=QUOTIENT(MOD(B2,500),200)
=QUOTIENT(MOD(MOD(B2,500),200),100)
```

மூன்றாவது வரி நீளமாக இருக்கிறதே என்று `MOD(B2,200)` என்று சுருக்கினால் கெட்டது. 4,786-ஐ நேராக 200-ஆல் வகுத்தால் மீதி 186. வெல்டர் கவரில் இல்லாத ஒரு நூறு ரூபாய் முளைத்துவிடும். 500 என்பது 200-இன் மடங்கு அல்ல, அதனால் வரும் வினை இது. 50-க்குப் பிறகு 20 வரும் இடத்திலும் இதே பள்ளம் உண்டு. முந்தைய மீதியிலிருந்துதான் அடுத்த வகுத்தல் தொடங்க வேண்டும், மூலத் தொகையிலிருந்து அல்ல.

இனி நடைமுறை. கணக்கு சொல்லும் ஒன்பது ஐநூறையும் அப்படியே வாங்கிக்கொள்ள எல்லாரும் விரும்புவதில்லை. “ஒண்ணை மட்டும் நூறா குடுங்கண்ணே, டீக்கடையில ஐநூறை நீட்டினா மாத்த மாட்டேங்கிறான்” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். அவர் கூலியில் 500-ஐ முதலில் கழித்துவிட்டு மிச்சத்தை வகுத்து, நூறு ரூபாய்க் கட்டத்தில் ஐந்தைக் கூட்டினால் போதும். இதைக் கவர் போடும்போது செய்யாமல், பேங்குக்குப் போகும் முன்பே செய்ய வேண்டும்.

பேங்கில் நூறும் ஐம்பதும் இல்லை என்று கைவிரிக்கும் நாளும் வரும். அன்றைக்கு பெரிய நோட்டிலிருந்து இறங்கும் முறையே கொஞ்சம் ஏமாற்றும். 610 ரூபாய்க்கு அது ஓர் ஐநூறு, ஐந்து இருபது, ஒரு பத்து என்று ஏழு நோட்டு கேட்கும். மூன்று இருநூறும் ஒரு பத்துமாக நாலே நோட்டில் முடிகிற தொகை அது. எல்லா நோட்டும் கிடைக்கும்போது இந்த முறை தவறுவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு இல்லாமல் போனால் மூளையைக் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும்.

கடைசி மீதிதான் பலர் கண்ணில் படாதது. நாணயத் தொல்லை வேண்டாம் என்று வெல்டருக்கு 4,780 கொடுத்துவிட்டு 6 ரூபாயை விட்டுவிடுகிறார்கள். விடலாம், ஆனால் அந்த 6 ரூபாயை அவர் பெயரில் முன்பாக்கியாக எழுதி அடுத்த வாரக் கூலியோடு சேர்த்துவிட்டுத்தான் வகுக்கத் தொடங்க வேண்டும். எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் சில்லறைத் தட்டுப்பாடு இல்லை, கூலிப் பிடித்தம்.